50 மூட்டையா, 28 மூட்டையா?

எங்கள் பெரியப்பாவின் மளிகைக் கடையில் பின்பக்கம் ஒரு இருட்டறை உண்டு. தரையில் மரச்சட்டம் போட்டு, அதன்மேல் அரிசி மூட்டைகளை அடுக்கியிருப்பார். சின்ன வயதில் எங்களுக்கு அது ஏறிக் குதிக்கிற இடம். இப்போது போனால் கண் வேறு எங்கோ போகிறது. ஒரு மாதம் மூட்டைகள் ஓட்டைத் தொட்டு நிற்கின்றன. அடுத்த மாதம் சட்டம் மட்டும் கிடக்கிறது.

"எவ்வளவு எடுப்பீங்க பெரியப்பா, ஒரு தடவைக்கு?"

"கையில எவ்வளவு இருக்கோ அவ்வளவு எடுப்பேன். இதுக்கெல்லாம் கணக்காடா?"

கணக்கு இருக்கிறது. பி.காம். படித்தவர்கள் செலவுக் கணக்குப் பாடத்தில் இ.ஓ.க்யூ என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். தமிழில் சிக்கனக் கொள்முதல் அளவு. 1913-ல் ஃபோர்ட் விட்மன் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு தொழிற்சாலைப் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் அது பிறந்தது. ஆனால் பிற்பாடு அதைப் பரப்பிய வில்சன் என்பவரின் பெயராலேயே பல புத்தகங்களில் வழங்குகிறது. ஹாரிஸ் கேட்டது கடைக்காரரின் கேள்வி அல்ல. இயந்திரத்தை ஒரு பாகத்துக்காகத் தயார் செய்துவிட்டோம், இனி ஒரே மூச்சில் எத்தனை பாகம் செய்து முடிப்பது என்பதுதான் அவருடைய கேள்வி. மளிகைக் கடையில் இந்தச் சூத்திரம் எங்கே பொருந்தும், எங்கே காலை வாரும் என்பதற்கெல்லாம் விடை இந்தப் பிறப்பில்தான் இருக்கிறது.

அரிசியை வைத்தே பார்ப்போம். மூட்டை 26 கிலோ. 2022 ஜூலையில், 25 கிலோ வரை அடைத்துப் பெயர் ஒட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி வந்ததும், அந்தக் கோட்டைத் தாண்டுவதற்காகச் சந்தைக்கு வந்த அளவு இது. மூட்டை 1,400 ரூபாய், வருஷத்துக்கு 500 மூட்டை விற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

மண்டிக்கு ஒரு நடை போய்வர பிக்கப் வண்டி வாடகை 700 ரூபாய். பெரியப்பா இல்லாத அரை நாளுக்குக் கடையைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்கு 300. ஆக, ஒரு நடைக்கு 1,000. ஏற்றி இறக்கும் கூலியை இதில் சேர்க்கக் கூடாது. அது மூட்டைக் கணக்கில் கொடுப்பது. வருஷத்தில் 500 மூட்டைக்கும் எப்படியும் கொடுத்தாக வேண்டும், பத்து நடையாகக் கொண்டுவந்தாலும் ஐம்பது நடையாகக் கொண்டுவந்தாலும் அது மாறாது. எத்தனை முறை போகிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிற செலவு மட்டும்தான் நமக்கு வேண்டும். கடை வாடகையும் கரண்ட் பில்லும்கூட அப்படித்தான், எதையும் சேர்க்க வேண்டாம்.

இன்னொரு பக்கம், வாங்கி வைத்த மூட்டை சும்மா உட்கார்ந்திருப்பதற்கும் ஒரு செலவு. பெரியப்பா புரட்டுவது இரண்டு வட்டிப் பணம், அதாவது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். 1,400 ரூபாய் மூட்டை ஒரு வருஷம் கிடந்தால் வட்டி மட்டும் 336. எலி, வண்டு, கிழிந்த மூட்டையில் சிந்தியது எல்லாவற்றுக்கும் ஒரு 64 ரூபாய் போட்டால் மொத்தம் 400.

இனி சூத்திரம். வருஷ விற்பனை D, ஒரு நடைச் செலவு S, ஒரு மூட்டையை ஒரு வருஷம் வைத்திருக்கும் செலவு H.

```
Q = √(2 × D × S ÷ H)
Q = √(2 × 500 × 1000 ÷ 400) = √2500 = 50
```

ஒரு நடைக்கு 50 மூட்டை, வருஷத்துக்குப் பத்து நடை. வண்டிச் செலவு 10,000. 50 மூட்டை வந்து இறங்கி ஒரே சீராகக் குறைந்து தீர்வதால், எந்த நாளும் சராசரியாக 25 மூட்டை இருப்பில் இருக்கும், அதற்கு 400 வீதம் இன்னொரு 10,000. இரண்டும் சமமாக வந்தது தற்செயல் இல்லை. அந்தச் சமன்பாடு உண்டாகும் இடத்தைத்தான் சூத்திரம் தேடிப் பிடிக்கிறது. மொத்தச் செலவு 20,000.

பாடப்புத்தகம் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். கடைக்காரருக்கு வேண்டியது இதற்கு அடுத்த படி. 50-க்குப் பதிலாக 40 எடுத்தால் மொத்தச் செலவு 20,500. 60 எடுத்தால் 20,333. வருஷத்துக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் கூடவில்லை. 100 மூட்டையாக எடுத்தால்தான் 25,000 ஆகிறது. 25 ஆகக் குறைத்தாலும் அதே 25,000. செலவைக் கோடாக வரைந்தால் அதன் அடிப்பகுதி உருளியின் அடி மாதிரித் தட்டையாக இருக்கும். நடுவில் எங்கே நின்றாலும் பெரிய வித்தியாசம் இல்லை, ஓரத்துக்குப் போனால்தான் ஏறும்.

அதனால் விற்பனையைத் துல்லியமாகக் கணிக்க வேண்டுமே என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 500 என்று நினைத்தது 700 ஆகப் போனாலும் விடை 50-லிருந்து 59-க்குத்தான் நகரும். வர்க்கமூலம் தவறுகளை அமுக்கிவிடுகிறது. ஒரு கடைக்காரருக்கு இந்தச் சூத்திரம் தருகிற பெரிய பரிசு இதுதான் என்பேன். ஏறக்குறைய சரியாக இருந்தால் போதும்.

இதைச் சொன்னபோது பெரியப்பா மடக்கினார்: "இந்த மாசம் சொந்தப் பணம்டா. அதுக்கு ஏது வட்டி?" நல்ல கேள்வி. அந்தப் பணம் வங்கியில் 7 சதவீதத்துக்குக் கிடந்திருக்கும் என்றால் மூட்டைக்கு வருஷ வட்டி 98, சேதாரத்தோடு 162. அப்போது விடை 79 மூட்டை ஆகிறது. ஆனால் அந்தப் பணம் வங்கிக்கா போகும்? அரிசியில் முடங்கியதால் எண்ணெய் டின் எடுக்கக் காசில்லாமல், கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய வாரங்கள் அவர் கடையில் உண்டு. முதல் தட்டுப்பாடாக இருக்கும் கடையில் பணத்தின் விலை, இன்னொரு சரக்கில் போட்டிருந்தால் அது எவ்வளவு சம்பாதித்திருக்கும் என்பதுதான். அது பல சமயம் இரண்டு வட்டியையும் தாண்டும். ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனியாகச் சூத்திரம் போட்டு, வந்த விடைகளைக் கூட்டிப் பார்த்தால், கடையின் முதலைவிடப் பெரிய தொகை வருவது இதனால்தான். அப்படி வந்தால் வட்டியை ஏற்றி வைத்துக்கொண்டு மறுபடி போட வேண்டும்.

இதுவரை சூத்திரம் சொன்னபடி கேட்டது. முதல் இடறல் வாசலில் நிற்கும் வண்டியில்.

50 மூட்டை என்றால் 1,300 கிலோ. அதற்குப் பிக்கப் வண்டி வேண்டும். முக்கால் டன் ஏற்றும் குட்டி யானை என்றால் வாடகை 400 போதும். அதில் முறையாக ஏற்றினால் 28 மூட்டைதான் ஏறும். (முறையாக என்கிறேன். எங்கள் ஊர்ச் சாலையில் அது எதையெல்லாம் சுமந்து போகிறது என்பது வேறு கதை.) அப்படியானால் ஒரு நடைச் செலவு 700. இப்போது 28 மூட்டையாக எடுத்தால் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 18 நடை, அதற்கு 12,500. சராசரி இருப்பு 14 மூட்டைக்கு 5,600. மொத்தம் 18,100.

சூத்திரம் சொன்ன 50 மூட்டையைவிட வருஷத்துக்கு 1,900 ரூபாய் குறைவு! சூத்திரத்தின் மேல் குற்றமில்லை. எவ்வளவு எடுத்தாலும் ஒரு நடைச் செலவு ஒன்றுதான் என்று அது நம்புகிறது. ஹாரிஸின் இயந்திரத்துக்கு அது உண்மை. பல்லையும் அச்சையும் மாற்றிப் பூட்டுவதற்கு ஆகும் நேரம், பத்துப் பாகம் செய்தாலும் ஆயிரம் செய்தாலும் அதேதான். வண்டி வாடகை அப்படி இல்லை, படிப்படியாகத் தாவும். இந்த மாதிரி இடத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் தனியாகக் கணக்குப் போட்டு, அந்த வண்டியில் ஏறும் அளவோடு நிறுத்தி, மொத்தச் செலவை ஒப்பிட்டுப் பார்ப்பது தவிர வேறு வழியில்லை.

இந்த நிலையில் மண்டிக்காரர், "50 மூட்டையா எடுங்க, மூட்டைக்கு 10 ரூபாய் குறைச்சுக்கிறேன்" என்கிறார். வருஷத்துக்கு 500 மூட்டைக்கு 5,000 ரூபாய் மிச்சம். பெரிய வண்டிக்குப் போவதால் கூடும் செலவு 1,900-தான். தாராளமாக எடுக்கலாம். மூட்டைக்கு 3 ரூபாய் 80 காசு வரை குறைத்தால் சரிக்குச் சரி, அதற்கும் கீழே என்றால் சிரித்துவிட்டு 28-ஐ ஏற்றிக்கொண்டு வரலாம். தள்ளுபடி பேரம் நடக்கும்போது இந்த ஒரு எண் மனதில் இருந்தால் போதும்.

வண்டியைப் பற்றி இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பெரியப்பா மண்டியில் அரிசியை மட்டுமா வாங்குகிறார்? அங்கேயே பருப்பு, சர்க்கரை. வருஷத்துக்கு அவை ஒரு 4,800 கிலோ, அவ்வளவையும் ஒரு வருஷம் வைத்திருந்தால் ஆகக்கூடிய செலவு 88,000 ரூபாய் என்று கொள்வோம். பருப்புக்கும் சர்க்கரைக்கும் தனியாகக் குட்டி யானை பிடித்து, தனியாகக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 8 நடை, 11,100 ரூபாய் செலவு. அரிசியின் 18,100-ஐயும் கூட்டினால் 29,200. ஒரே வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றினால்? மொத்த எடை 17,800 கிலோ, குட்டி யானைக்கு 24 நடை, அதாவது மாதம் இரண்டு. வண்டிக்கு 16,800, இருப்புக்கு 6,000, மொத்தம் 22,800. தனித்தனியாகப் போவதைவிட 6,400 ரூபாய் மிச்சம்.

சரக்குச் சரக்காகச் சூத்திரம் போடுவதில் உள்ள கோளாறு இங்கேதான் தெரிகிறது. அரிசிக்காக வண்டி எப்படியும் போகிறது என்றால், அதில் ஏறிவரும் பருப்புக்கு நடைச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. தனியாகக் கேட்டால் சூத்திரம் பருப்பை ஒன்றரை மாதத்துக்கு வாங்கச் சொல்லும். சேர்ந்து வரும்போது பதினைந்து நாளுக்கு வாங்கினால் போதும். ஒரு சரக்கை எவ்வளவு வாங்குவது என்ற கேள்வி, எத்தனை நாளைக்கு ஒரு முறை மண்டிக்குப் போவது என்று மாறிவிடுகிறது. நம் கடைக்காரர்கள் பலர் ஏற்கனவே கிழமை வைத்து மண்டிக்குப் போகிறார்கள். கணக்கு அவர்கள் பக்கம்தான்.

அரிசியில் ஒரு விசித்திரமும் உண்டு. இருப்பு வைத்தால் செலவுதான் என்பது சூத்திரத்தின் அடிப்படை நம்பிக்கை. ஆனால் பழைய அரிசிக்குப் புது அரிசியைவிட விலை கூடுதல், சாதம் உதிரியாக வரும், குழையாது. நல்ல உலர்ந்த இடமும் பொறுமையும் உள்ளவருக்கு மூட்டை உட்கார்ந்தபடியே சம்பாதிக்கும். எங்கள் பெரியப்பாவின் பின்னறை ஆடியில் சூடு, ஐப்பசியில் ஈரம். அங்கே சம்பாதிப்பது வண்டுதான்.

கடையின் முன்பக்கம் வேறு உலகம். சோப்பு, ஷாம்பு பாக்கெட், பிஸ்கட், டீத்தூள். இவற்றுக்காகப் பெரியப்பா எங்கும் போவதில்லை. ஏஜென்சியின் சேல்ஸ்மேன் வாரம் ஒரு நாள் வந்து ஆர்டர் எடுக்கிறார், மறுநாள் வண்டி வந்து இறக்குகிறது. பணம் அடுத்த வாரம் வரும்போது கொடுத்தால் போதும். இதைச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். நடைச் செலவு பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம். ஒரு சோப்பு விற்றால் ஒரு சோப்பு வாங்கு என்கிறது! வைத்திருக்கும் செலவும் முதல் ஏழு நாளைக்குக் கிட்டத்தட்ட இல்லை, ஏனென்றால் கடையில் நிற்பது ஏஜென்சியின் பணம்.

கேட்கத் தப்பாகத் தோன்றினாலும் அதன் போக்கு சரிதான்: முடிந்தவரை கொஞ்சமாக வாங்கு. ஆனால் எவ்வளவு கொஞ்சம் என்பதைச் சேல்ஸ்மேன் வரும் நாள் தீர்மானிக்கிறது. ஒரு சோப்பு சராசரியாக வாரம் 20 போகிறது, மோசமான அவசரத்தில் 28 வரை போயிருக்கிறது என்றால், ஆர்டர் கொடுக்கும் நாளில் அலமாரியை 28-க்கு நிரப்ப வேண்டும். 9 மிச்சம் இருந்தால் 19 எழுதச் சொல்லலாம். சூத்திரம் தேவையே இல்லை. ஒரு நோட்டில் நாலைந்து வார விற்பனை இருந்தால் போதும்.

பிறகு ஏன் பல கடைகளில் அலமாரி வழிய வழிய ஷாம்பு இருக்கிறது? மாதக் கடைசியில் சேல்ஸ்மேனுக்கு டார்கெட் முட்டும். அப்போது ஸ்கீம் வரும்: 12 எடுத்தால் 1 இலவசம். 13 பொருள் 12-ன் விலைக்கு வருவது 7.7 சதவீதத் தள்ளுபடி. மாதம் இரண்டு வட்டி என்றால் கிட்டத்தட்ட நாலு மாதத்தில் வட்டி அதைத் தின்றுவிடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்த லாட்டின் கடைசிப் பாக்கெட் நாலு மாதத்துக்குள் விற்றுவிடுமா? விற்கும் என்றால் எடுக்கலாம், அதற்கு மேல் ஒரு பெட்டியும் வேண்டாம்.

சூத்திரம் வாயே திறக்காத விஷயம், எப்போது வாங்குவது. சரக்கு ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரிக் குறையும் என்று அது எண்ணுவதால், தீரும் நாளும் தெரியும் என்று விட்டுவிடுகிறது. 500 மூட்டையை நாள் கணக்கில் பிரித்தால் ஒன்றரைக்கும் குறைவு. ஆனால் சம்பளம் வந்த முதல் வாரத்தில் ஒரே நாளில் நாலு மூட்டை போகும், இருபதாம் தேதிக்கு மேல் கிலோக் கணக்கில்தான் கேட்பார்கள். மண்டியில் சொல்லி வண்டி வர இரண்டு நாள் ஆகிறது என்றால், மாத நடுவில் மூன்று மூட்டை மிச்சம் இருக்கும்போது சொன்னால் போதும். இருபத்தொன்பதாம் தேதி மூன்று மூட்டைதான் இருக்கிறது என்றால் காரியம் கெட்டுவிட்டது. அளவில் பத்து மூட்டை தவறினால் உருளியின் தட்டையான அடி தாங்கிக்கொள்ளும் என்று பார்த்தோம். நாள் தவறினால் அப்படித் தாங்காது. ஒன்றாம் தேதி அரிசி இல்லை என்றால் போவது ஒரு மூட்டையின் லாபம் மட்டுமல்ல, மாத மளிகைச் சிட்டை முழுவதும் எதிர்க்கடைக்குப் போகும், அடுத்த மாதமும் அங்கேயே போகலாம். மாதம் இரண்டு நடை என்று முடிவானால் ஒன்றை இருபத்தெட்டாம் தேதிக்கு வைப்பது இதற்காகத்தான்.

தீபாவளிக்கு மேற்சொன்ன எதுவும் உதவாது. அது வருஷத்துக்கு ஒரு முறை வருவது, தொடர்ந்து வாங்கிக்கொண்டே இருக்கும் சரக்கு இல்லை. அங்கே மிஞ்சினால் என்ன ஆகும் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். சர்க்கரை பத்து மூட்டை மிஞ்சினால் இழப்பு ஒரு மாத வட்டி, கார்த்திகையில் விற்றுவிடும். ஆகவே துணிந்து வாங்கலாம். பட்டாசு மிஞ்சினால் அடுத்த வருஷம் வரை பணமும் முடங்கும், நெருப்புப் பயமும் கூடவே இருக்கும். இரண்டையும் ஒரே துணிச்சலோடு வாங்கிய கடைக்காரரை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம், சாப்பாட்டு நேரத்தில் சண்டை வரும்.

இதே கேள்வியைத் தினமும் கேட்கும் சரக்கு கடை வாசலில் இருக்கிறது. காலையில் கீரைக்காரம்மா கூடையை இறக்குவார். பெரியப்பா ஒரு கட்டை 10 ரூபாய்க்கு வாங்கி 15-க்கு விற்கிறார். மறுநாள் வாடியதை யாரும் தொடமாட்டார்கள், தெருமுனைப் பசுவுக்குத்தான் போகும். விற்றால் 5 லாபம், மிஞ்சினால் 10 நஷ்டம். நஷ்டம் லாபத்தைப் போல இரண்டு மடங்கு என்பதால், கூடுதலாக ஒரு கட்டு எடுப்பது லாபமாக வேண்டுமானால் அது மூன்று நாளில் இரண்டு நாளாவது விற்றாக வேண்டும். திருப்பிச் சொன்னால், கணக்காக வாங்கும் கடையில் மூன்று நாளில் இரண்டு நாள் கீரை தீர்ந்துபோயிருக்க வேண்டும்.

பெரியப்பா இதைக் கேட்டதும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "பார்த்தியா, சாயங்காலம் வர்றவங்களுக்குக் கீரை இல்லைன்னு தினம் என்னைத் திட்டுறியே!"

உள்ளேயிருந்து பெரியம்மா சொன்னார்: "மூணாவது நாளைக்கு மிஞ்சுறதை எடுத்துட்டு வாங்க, மசிச்சுக்கலாம். பசுவுக்கு ஏன் போடணும்?"

மிஞ்சியதற்கு வீட்டில் ஒரு விலை இருக்கிறது என்றால் நஷ்டம் 10-லிருந்து இறங்குகிறது. பெரியப்பா மறுநாளிலிருந்து இரண்டு கட்டு கூடுதலாக இறக்கச் சொல்லிவிட்டார்.